ஒரே ரைபோசோம், இரண்டு இடங்கள்: ஒரு பாடப்புத்தக வரி பிறந்த கதை

செல்லைப் பற்றிய எந்த உயிரியல் பாடத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். சைட்டோபிளாசத்தில் தனித்து மிதக்கும் ரைபோசோம்கள் செல்லின் சொந்தத் தேவைக்கான புரதங்களைச் செய்கின்றன. சொரசொரப்பான எண்டோபிளாச வலையில் ஒட்டியிருக்கும் ரைபோசோம்கள் வெளியே அனுப்பப்படும் புரதங்களைச் செய்கின்றன. மாணவர்கள் இதைப் படித்து, எழுதி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரிக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. எந்தப் புரதம் வெளியே போக வேண்டியது, எது உள்ளேயே தங்க வேண்டியது என்பது ரைபோசோமுக்கு எப்படித் தெரியும்? வெளியே போக வேண்டியதைச் செய்யும் ரைபோசோம் மட்டும் எப்படிச் சரியாகப் போய்ச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது?

இதற்கு விடை கிடைக்க 1955 முதல் 1975 வரை இருபது ஆண்டுகள் பிடித்தன. விடை கிடைத்தபோது, ரைபோசோமில் இரண்டு வகை இருக்கிறது என்ற எண்ணமே தேவையற்றுப் போனது. அந்தக் கதை இது.

படத்தில் தெரிந்த புள்ளிகள்

நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் செல்லின் உட்புறத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்க்கும் வேலை முதலில் சூடுபிடித்தது. அங்கே ஆல்பர்ட் கிளாட், கீத் போர்ட்டர் ஆகியோர் 1945-இல் வெளியிட்ட படத்தில், ஒரு முழுச் செல்லின் உள்ளே வலைப்பின்னல் போன்ற ஓர் அமைப்பு மங்கலாகத் தெரிந்தது. எண்டோபிளாச வலை என்ற பெயரைப் பின்னாளில் அதற்கு இட்டவர் போர்ட்டர். ருமேனியாவில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் அமெரிக்கா வந்த ஜார்ஜ் பலாடே அந்தக் குழுவில் சேர்ந்தார். செல்லை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்கும் முறை தேறியதும் மங்கல் விலகியது. வலையின் சவ்வுகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றின் வெளிப்பக்கம் முழுக்கச் சிறு கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தன.

1955-இல் பலாடே அந்தப் புள்ளிகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். ஒரு புள்ளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். பல திசுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பலாடேக்கு ஒரு வேறுபாடு புலப்பட்டது. கணையம் போன்ற சுரப்பிச் செல்களில் புள்ளிகளில் பெரும்பாலானவை சவ்வில் ஒட்டியிருந்தன. வேகமாகப் பெருகி வளரும் செல்களில் அவை எதிலும் ஒட்டாமல் சைட்டோபிளாசத்தில் சிதறிக் கிடந்தன. சுரக்கும் செல்லில் ஒட்டியவை, வளரும் செல்லில் ஒட்டாதவை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கவனிப்புதான் முதல் படி. அந்தப் புள்ளிகளுக்கு ரைபோசோம் என்ற பெயர் 1958-இல்தான் வந்தது. அதை முன்மொழிந்தவர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ்.

ஆனால் படம் ஓர் அசையாத கணத்தை மட்டுமே காட்டும். புள்ளி சவ்வில் ஒட்டியிருப்பதைக் காட்டுமே தவிர, அங்கே அது என்ன செய்கிறது என்று சொல்லாது. அதை அறிய வேறு வழி வேண்டியிருந்தது.

புரதத்தின் வழியைத் தொடர்ந்து

பலாடேயும் உயிர்வேதியியலாளரான ஃபிலிப் சீக்கெவிட்ஸும் கினிப்பன்றியின் கணையத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கணையத்தின் செல்கள் செரிமான நொதிகளைச் செய்து குடலுக்கு அனுப்புவதையே முழுநேர வேலையாகக் கொண்டவை. அவற்றில் எண்டோபிளாச வலை அடுக்கடுக்காக நிறைந்திருக்கும். ரைபோசோம்களில் பெரும்பகுதி அதில் ஒட்டியிருக்கும். ஏற்றுமதிப் புரதம் பிறக்கும் இடத்தைத் தேடுவதற்கு இதைவிடப் பொருத்தமான திசு கிடைப்பது அரிது.

விலங்குக்கு முதலில் கதிரியக்கக் கார்பன் கலந்த லூசின் என்ற அமினோ அமிலத்தைச் செலுத்தினார்கள். அந்த நேரத்தில் செய்யப்படும் புரதங்களில் எல்லாம் அந்த லூசின் சேரும். எனவே புதிதாகப் பிறந்த புரதத்தைக் கதிரியக்கத்தால் அடையாளம் காணலாம். ஓரிரு நிமிடங்களிலேயே கணையத்தை எடுத்து அரைத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். அரைக்கும்போது எண்டோபிளாச வலை துண்டுதுண்டாகி, ஒவ்வொரு துண்டும் சிறு பையாக மூடிக்கொள்ளும். பையின் வெளிப்புறத்தில் ரைபோசோம்கள் அப்படியே ஒட்டியிருக்கும். இந்தப் பைகளுக்கு மைக்ரோசோம் என்று பெயர். கதை முழுக்க இவை திரும்பத் திரும்ப வரும்.

ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கைமோட்ரிப்சினோஜன் என்ற செரிமான நொதியைப் பிரித்தெடுத்துக் கதிரியக்கத்தை அளந்தார்கள். முதல் சில நிமிடங்களில் கதிரியக்கம் மிகுந்திருந்தது, சவ்வில் ஒட்டிய ரைபோசோம்களில் இருந்த நொதியில்தான். 1960-இல் வெளியான இந்த முடிவு, ஏற்றுமதிப் புரதத்தின் பிறப்பிடம் ஒட்டிய ரைபோசோமே என்று காட்டியது. பிறந்த பிறகு அது போகும் வழியை 1967-இல் ஜேமிசனும் பலாடேயும் நேரம் குறித்துக் காட்டினார்கள். கணையச் சீவல்களுக்கு மூன்று நிமிடம் மட்டும் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்துவிட்டு, பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றினார்கள். தொடக்கத்தில் கதிரியக்கம் சொரசொரப்பான வலையில் இருந்தது. இருபது நிமிடத்தில் கோல்கை உறுப்பை அடைந்தது. இரண்டு மணி நேரத்தில் செல்லின் விளிம்பில் உள்ள சேமிப்புத் துகள்களில் நிறைந்திருந்தது.

இடையில் 1966-இல் ரெட்மனும் டேவிட் சபாட்டினியும் செய்த ஒரு சோதனை இந்தக் கதையின் போக்கைத் தீர்மானித்தது. பியூரோமைசின் என்ற மருந்து, ரைபோசோமில் வளர்ந்துகொண்டிருக்கும் புரதச் சங்கிலியைப் பாதியிலேயே அறுத்து விடுவிக்கும். மைக்ரோசோம்களில் இந்த மருந்தைச் சேர்த்தால் அறுந்த சங்கிலிகள் எங்கே போகும்? ரைபோசோம்கள் இருப்பது பையின் வெளிப்புறத்தில். எனவே சங்கிலிகள் வெளித் திரவத்தில் விழும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். அறுந்தவற்றில் பெரும்பகுதி பைக்குள்ளே கிடந்தது. முடிக்கப்படாத சங்கிலியே உள்ளே போயிருக்கிறது என்றால், புரதம் செய்யப்படும்போதே சவ்வைத் தாண்டத் தொடங்கிவிடுகிறது என்று பொருள். முழுப் புரதத்தையும் செய்து முடித்து, பிறகு எங்கே அனுப்புவது என்று செல் முடிவு செய்வதில்லை. முடிவு அதற்கு முன்பே, சங்கிலி குட்டையாக இருக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு ஊகமும் சற்றே நீண்ட ஒரு சங்கிலியும்

அந்த முடிவை எடுப்பது யார்? ரைபோசோமிலேயே இரண்டு இனங்கள் இருக்கலாம் என்று எண்ண இடமிருந்தது. ஓர் இனம் சவ்வில் ஒட்டப் பிறந்தது, மற்றொன்று மிதக்கப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் கேள்வி தீர்வதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இன்சுலினுக்கான தூது ஆர்.என்.ஏ. சரியான இனத்து ரைபோசோமை எப்படித் தேடிப் பிடிக்கும் என்று கேட்க வேண்டிவரும்.

1967-இல் பலாடேயின் ஆய்வகத்தில் சேர்ந்த ஜெர்மானியரான குந்தர் புளோபெல், சபாட்டினியுடன் சேர்ந்து 1971-இல் ஓர் ஊகத்தை எழுதினார். ரைபோசோம்கள் அனைத்தும் ஒன்றே. வெளியே போக வேண்டிய புரதங்களின் தொடக்கத்தில் பொதுவான ஒரு தொடர் இருக்க வேண்டும். புரதச் சங்கிலியின் அந்தத் தொடக்கம் ரைபோசோமிலிருந்து தலைநீட்டியதும் ஏதோ ஒரு காரணி அதைப் பிடித்து, ரைபோசோமைச் சவ்வோடு இணைக்க வேண்டும். அந்தக் காரணிக்கு அவர்கள் வைத்த குறி எக்ஸ். கையில் ஆதாரம் எதுவும் இல்லாத நிலையில் எழுதப்பட்ட ஊகம் அது.

அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு செய்தி வந்தது. எதிர்ப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த செசார் மில்ஸ்டைனின் குழு, சுண்டெலியின் மயலோமா செல்களிலிருந்து எதிர்ப்பொருளின் இலகு சங்கிலிக்கான தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தது. மயலோமா என்பது எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லில் வரும் புற்றுநோய். அதன் செல்கள் ஒரே வகை எதிர்ப்பொருளை அளவில்லாமல் செய்துகொண்டே இருக்கும். மில்ஸ்டைன் குழு அந்தத் தூது ஆர்.என்.ஏ.வைச் சவ்வுகள் இல்லாத ஒரு சாற்றில் இட்டுப் புரதம் செய்யவைத்தது. வந்த இலகு சங்கிலி, செல் வெளியே சுரக்கும் இலகு சங்கிலியைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. தொடக்க முனையில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாக இருந்தன. சவ்வுகளோடு சேர்த்துச் செய்யவைத்தபோதோ சரியான நீளத்திலேயே வந்தது. சுரக்கப்படும் முன் வெட்டப்பட்டு மறைந்துவிடும் ஒரு துண்டு இருக்கிறது. அந்தத் துண்டு ரைபோசோமைச் சவ்வுக்கு அழைத்துச் செல்லும் சிக்னலாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

1975: நான்கு சோதனைகள்

புளோபெலும் பெர்ன்ஹார்ட் டோபர்ஸ்டைனும் அதே சுண்டெலி இலகு சங்கிலியை எடுத்துக்கொண்டு, ஊகத்தைச் சோதனைக் குழாயில் நிறுத்திப் பார்த்தார்கள். 1975-இல் அடுத்தடுத்து வெளியான அவர்களுடைய இரண்டு கட்டுரைகளில்தான் பாடப்புத்தக வரிக்கான விளக்கம் பிறந்தது.

முதல் சோதனை மிக நுட்பமானது. மயலோமா செல்லின் மைக்ரோசோம்களில், ஒரே தூது ஆர்.என்.ஏ. மீது பல ரைபோசோம்கள் வரிசையாக வேலை செய்துகொண்டிருக்கும். முன்னால் இருப்பவை சங்கிலியை ஏறக்குறைய முடித்திருக்கும். பின்னால் இருப்பவை இப்போதுதான் தொடங்கியிருக்கும். சவ்வைச் சோப்புப் பொருளால் கரைத்து அந்த ரைபோசோம்களைப் பிரித்தெடுத்தார்கள். புதிதாக எந்த ரைபோசோமும் வேலை தொடங்காதபடி தடுத்துவிட்டு, பாதியில் இருந்த சங்கிலிகளை மட்டும் முடிக்கவிட்டார்கள். முதலில் முடிந்து வந்த சங்கிலிகள் சரியான நீளத்தில் இருந்தன. பிறகு வந்தவை நீளமாக இருந்தன. காரணம் தெளிவு. முன்னால் இருந்த ரைபோசோம்களின் சங்கிலி சவ்வைத் தாண்டி உள்ளே போய், தொடக்கத் துண்டு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. பின்னால் இருந்தவற்றின் சங்கிலி இன்னும் அந்த இடத்தை அடைந்திருக்கவில்லை. அதற்குள் சவ்வு கரைக்கப்பட்டுவிட்டதால் அவற்றின் துண்டு வெட்டப்படாமலே தங்கிவிட்டது. ஆக, சங்கிலி வளர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டு நடக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு நாயின் கணையத்திலிருந்து மைக்ரோசோம்களை எடுத்து, அவற்றில் ஒட்டியிருந்த ரைபோசோம்களை நீக்கி, வெறும் சவ்வுப் பைகளாக்கினார்கள். பல விலங்குகளின் கணையத்தில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நிறைய உண்டு. அது கலந்தால் தூது ஆர்.என்.ஏ. அழிந்து சோதனையே நடக்காது. நாயின் கணையம் இதற்கு ஒத்துழைத்தது. சுண்டெலியின் தூது ஆர்.என்.ஏ., முயலின் இளம் சிவப்பணுவிலிருந்து எடுத்த ரைபோசோம் பாகங்கள், நாயின் சவ்வு என்று வெவ்வேறு விலங்குகளின் பாகங்களை ஒரே குழாயில் சேர்த்தார்கள். வெளிவந்த இலகு சங்கிலி சரியான நீளத்தில் இருந்தது. இளம் சிவப்பணுவின் ரைபோசோம் தன் செல்லில் ஹீமோகுளோபினைச் செய்தபடி மிதந்துகொண்டிருந்தது. எதிர்ப்பொருளின் தூது ஆர்.என்.ஏ. கிடைத்ததும் அதன் பாகமே சவ்வுக்குப் போய் வேலை செய்தது. ரைபோசோமில் இரண்டு இனம் என்ற எண்ணத்துக்கு இதற்கு மேல் வேலை இல்லை.

மூன்றாவது சோதனை, புரதம் உண்மையிலேயே பைக்குள் போனதா என்று பார்ப்பது. குழாயில் ட்ரிப்சின் போன்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார்கள். பைக்கு வெளியே இருக்கும் புரதம் சிதையும். உள்ளே இருப்பதைச் சவ்வு காக்கும். இலகு சங்கிலி தப்பித்தது. ஒப்பீட்டுக்காக ஹீமோகுளோபினின் புரதமான குளோபினின் தூது ஆர்.என்.ஏ.வை அதே சவ்வுகளோடு வைத்துச் செய்தபோது, குளோபின் முழுவதும் சிதைந்தது. சவ்வுகள் பக்கத்திலேயே இருந்தும் குளோபின் உள்ளே போகவில்லை. ஒரு புரதம் சவ்வைத் தாண்டி உள்ளே போகிறதா என்று பார்க்க இன்றும் ஆய்வகங்களில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

நான்காவது, நேரம் பற்றியது. முதலில் சவ்வில்லாமல் இலகு சங்கிலியைச் செய்து முடித்துவிட்டு, பிறகு சவ்வைச் சேர்த்தார்கள். துண்டு வெட்டப்படவில்லை, புரதம் உள்ளேயும் போகவில்லை. ஊசிக்காதில் நூலின் நுனியைக் கோக்கலாம், சுருண்டு முடிச்சாகிவிட்ட நூலைக் கோக்க முடியாது. முழு நீளமும் வெளிவந்து மடிந்துவிட்ட புரதத்தின் நிலையும் அதுதான். சவ்வுக்குப் போகும் முடிவு சங்கிலி வளரும் சில நொடிகளுக்குள் எடுக்கப்பட வேண்டும். தவறினால் அந்தப் புரதத்துக்கு மறுவாய்ப்பு இல்லை.

ஓர் இலகு சங்கிலியின் முக்கால் நிமிடம்

1971-இல் எக்ஸ் என்று எழுதப்பட்ட காரணி 1980-களின் தொடக்கத்தில் கைக்கு வந்தது. நாயின் கணையச் சவ்வை அடர்ந்த உப்புக் கரைசலால் கழுவினால் அது வேலை செய்யாமல் போகும். கழுவிய நீரைத் திரும்பச் சேர்த்தால் மீண்டும் வேலை செய்யும். அந்த நீரிலிருந்து பீட்டர் வால்ட்டரும் புளோபெலும் ஒரு துகளைப் பிரித்தெடுத்தார்கள். ஆறு புரதங்களும் ஏறக்குறைய 300 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த துகள் அது. சிக்னல் அறியும் துகள் என்று அதற்குப் பெயர். அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியும் சவ்விலேயே கண்டுபிடிக்கப்பட்டது.

இப்போது ஓர் இலகு சங்கிலி பிறப்பதை நொடிக்கணக்கில் பார்க்கலாம். பாலூட்டிகளின் ரைபோசோம் ஒரு நொடிக்குச் சுமார் 5 அமினோ அமிலங்களைக் கோக்கும். வெட்டப்படும் துண்டையும் சேர்த்தால் இந்தச் சங்கிலியின் நீளம் ஏறக்குறைய 235. முழுதும் முடிய முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

வேலை தொடங்கும்போது ரைபோசோம் சைட்டோபிளாசத்தில் தனித்துத்தான் இருக்கிறது. எல்லா ரைபோசோம்களும் அப்படித்தான் தொடங்குகின்றன. சங்கிலியின் முதல் 20 அமினோ அமிலங்கள்தான் சிக்னல் தொடர். அதன் நடுப்பகுதி நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களால் ஆனது. லூசின் போன்றவை அதில் நிறைய. ஆனால் சிக்னல் உடனே வெளியே தெரிவதில்லை. ரைபோசோமின் பெரிய துணை அலகுக்குள் ஒரு சுரங்கம் உண்டு. கடைசியாகக் கோத்த 30 முதல் 40 அமினோ அமிலங்கள் அதற்குள் மறைந்திருக்கும். எனவே சங்கிலி 60 அமினோ அமில நீளத்தை எட்டும்போதுதான் சிக்னல் முழுதாக வெளிவரும். அப்போது வேலை தொடங்கிப் பன்னிரண்டு நொடி ஆகியிருக்கும்.

வெளிவந்த உடனே சிக்னல் அறியும் துகள் அதைப் பற்றிக்கொள்கிறது. துகளில் மெத்தியோனின் நிறைந்த ஒரு பள்ளம் இருக்கிறது. நீரை வெறுக்கும் எந்தத் தொடரும் அதில் பொருந்தும். வெவ்வேறு புரதங்களின் சிக்னல்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதற்கு இதுதான் காரணம். துகள் பற்றிய கணத்திலிருந்து சங்கிலி வளரும் வேகம் தடைபடுகிறது. இந்தத் தடை, சவ்வை அடைவதற்குள் சங்கிலி நீண்டு மடிந்துவிடாமல் காக்கிறது. ஏற்பி துகளைப் பிடிக்கிறது, துகள் விலகுகிறது, ரைபோசோம் சவ்வில் உள்ள ஒரு புரதத் துளையின் மேல் அமர்கிறது. தடை நீங்கி, சங்கிலி துளை வழியாக வலையின் உள்ளே வளர்கிறது. உள்ளே காத்திருக்கும் வெட்டும் நொதி சிக்னலை நறுக்கிவிடுகிறது. நுண்ணோக்கியில் நாம் ஒட்டிய ரைபோசோம் என்று காண்பது இந்தக் கட்டத்தில் இருக்கும் ரைபோசோமைத்தான். சங்கிலி முடிந்ததும் ரைபோசோமின் இரு அலகுகளும் பிரிந்து சைட்டோபிளாசத்தின் பொதுக் கையிருப்புக்குத் திரும்பலாம். அடுத்த முறை அவை குளோபினைச் செய்யலாம், ஆக்டினைச் செய்யலாம், மீண்டும் எதிர்ப்பொருளையே செய்யலாம்.

இவ்வளவு சிரமப்பட்டு உள்ளே அனுப்புவதற்குக் காரணம் உண்டு. எதிர்ப்பொருளின் சங்கிலிகளை உறுதியாகப் பிணைப்பவை கந்தக அணுக்களுக்கு இடையிலான டைசல்ஃபைடு பிணைப்புகள். சைட்டோபிளாசத்தின் வேதிச் சூழல் அவை உருவாக இடம் கொடுக்காது. எண்டோபிளாச வலையின் உட்புறம் கொடுக்கும். புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைப் பொருத்தும் நொதிகளும் அங்கேதான் வேலையைத் தொடங்குகின்றன. ரத்தத்திலும் குடலிலும் தாக்குப்பிடிக்க வேண்டிய புரதத்துக்கு இந்த உறுதி தேவை.

எது எங்கே பிறக்கிறது

இப்போது பாடப்புத்தக வரியைத் திருத்தி எழுதலாம். சிக்னல் தொடர் உள்ள புரதங்கள் சவ்வில் ஒட்டிய ரைபோசோமில் முடிகின்றன. இன்சுலின், எதிர்ப்பொருள், கல்லீரல் செய்யும் ஆல்புமின், கொலாஜன், செரிமான நொதிகள் எல்லாம் அந்த வகை. வெளியே போகாத பல புரதங்களும் இதில் அடங்கும். லைசோசோமின் நொதிகளும், எண்டோபிளாச வலைக்கும் கோல்கை உறுப்புக்கும் சொந்தமான புரதங்களும், செல்லின் புறச் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகளும் ஒட்டிய ரைபோசோம்களிலேயே பிறக்கின்றன. செல்லின் புறச் சவ்வில் இருக்கும் இன்சுலின் ஏற்பியும் அவ்வாறே. ஒட்டிய ரைபோசோம் என்றால் ஏற்றுமதி மட்டும் என்று படிக்கும் மாணவர் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்.

சிக்னல் இல்லாதவை தனித்த ரைபோசோம்களிலேயே முடிகின்றன. சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள், ஆக்டின், டியூபுலின், ஹீமோகுளோபின் ஆகியவை சைட்டோபிளாசத்திலேயே தங்கும். டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன்கள் உட்கருவுக்குப் போகும். ரைபோசோமின் சொந்தப் புரதங்களும் இங்கேதான் பிறந்து, உட்கருவுக்குப் போய் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்து துணை அலகுகளாகித் திரும்பி வருகின்றன. மனித மைட்டோகாண்ட்ரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உண்டு. அதன் சொந்த ரைபோசோம்கள் செய்வது 13 மட்டுமே. மற்றவை சைட்டோபிளாசத்தின் தனித்த ரைபோசோம்களில் செய்யப்பட்டு, தமக்கென்று வேறு வகைச் சிக்னலோடு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகின்றன.

இதை வைத்து 1955-இல் பலாடே கண்டதைப் படித்துவிடலாம். எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லில் சிக்னல் உள்ள தூது ஆர்.என்.ஏ. நிறைந்திருப்பதால் வலை முழுக்க ரைபோசோம் ஒட்டியிருக்கும். இளம் சிவப்பணு ஏறக்குறைய ஹீமோகுளோபினை மட்டுமே செய்வதால் அதில் ரைபோசோம்கள் மிதக்கும். செல் என்ன செய்கிறதோ அதைப் பொறுத்து ரைபோசோம் நிற்கும் இடம் மாறுகிறது.

சிக்னலை மாற்றினால்

சிக்னல்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால், அதை ஒட்டவைத்து இடத்தை மாற்ற முடிய வேண்டும். 1984-இல் விஸ்வநாத் லிங்கப்பாவும் உடன் உழைத்தவர்களும் இதைச் செய்து காட்டினார்கள். பாக்டீரியாவின் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியின் சிக்னல் தொடரை எடுத்துக் குளோபினின் தொடக்கத்தில் பொருத்தினார்கள். ஒருபோதும் சவ்வைத் தாண்டாத குளோபின், இப்போது மைக்ரோசோமுக்குள் போனது; சிக்னல் வெட்டப்பட்டது; புரதம் சிதைக்கும் நொதியிடமிருந்தும் தப்பித்தது. மீதி குளோபினில் எதையும் மாற்றவில்லை. 1975-இல் வெளியே நின்று சிதைந்த அதே வகைப் புரதம்தான் இது.

சிக்னல் கெட்டால் நோய் வரும். இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலச் சங்கிலியாகப் பிறக்கிறது. அதில் முதல் 24 சிக்னல். அந்த 24-ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் வந்துவிடும் மரபணுப் பிழை சில குடும்பங்களில் உண்டு. வெட்ட வேண்டிய விளிம்பிலேயே மாற்றம் நேர்வதால் சிக்னல் சரியாக வெட்டப்படுவதில்லை. துண்டு ஒட்டியபடியே இருக்கும் இன்சுலின் தவறாக மடிந்து வலைக்குள் தேங்குகிறது. பீட்டா செல்கள் நலிகின்றன. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருகிறது. ஆறாவது இடத்தில் ஆர்ஜினின் மாறினால் கதை வேறு. அங்கே சங்கிலி வலைக்குள் நுழைவதே குறைகிறது. நோய் பெரும்பாலும் வயது கூடிய பிறகு, மிதமாக வருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று, அதுவும் முழுமையான இன்சுலினில் இடம்பெறவே இடம்பெறாத பகுதியில் உள்ள ஒன்று, ஒரு குழந்தையின் வாழ்நாளை மாற்றிவிடுகிறது.

இந்த விதிக்கு எல்லைகளும் உண்டு. மிகக் குட்டையான புரதங்களில், சிக்னல் சுரங்கத்திலிருந்து வெளிவருவதற்குள் சங்கிலியே முடிந்துவிடும். அவை செய்து முடிக்கப்பட்ட பிறகு வேறு உதவியாளர்களின் துணையோடு உள்ளே போகின்றன. ஈஸ்ட்டில் பல புரதங்கள் அந்த வழியில் செல்கின்றன. வால் முனையில் மட்டும் சவ்வில் பதியும் புரதங்களும் முடிந்த பிறகே சவ்வுக்குப் போகின்றன. சிக்னல் இல்லாத சில புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.க்களும் சவ்வை ஒட்டிய ரைபோசோம்களில் காணப்படுவதுண்டு. விதி பெரும்பான்மைக்கானது.

பலாடே 1974-இல், கிளாட், கிறிஸ்டியன் டி டூவ் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். புளோபெலுக்கு 1999-இல் கிடைத்தது. சிறுவனாக இருந்தபோது, குண்டுவீச்சில் அழிவதற்குச் சில நாள் முன்புதான் டிரெஸ்டன் நகரை அவர் கடந்து சென்றார். பரிசுத் தொகையை அந்த நகரின் தேவாலயத்தையும் யூத வழிபாட்டிடத்தையும் திரும்பக் கட்டக் கொடுத்துவிட்டார்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செல்லின் படத்தை வரையும்போது தனித்த ரைபோசோம், ஒட்டிய ரைபோசோம் என்று இரண்டு பெயர் எழுதுங்கள். ஆனால் அவை இரண்டு வகை என்று எழுதாதீர்கள். எல்லா ரைபோசோமும் தனித்தே வேலையைத் தொடங்குகிறது. அது ஒட்டுமா, மிதக்குமா என்பதை முடிவு செய்வது அதிலிருந்து வெளிவரும் புரதத்தின் முதல் இருபது சொச்சம் அமினோ அமிலங்களே.